பன்னிரண்டு நோட்டுல இருந்து ஒரு முழுப் பாட்டு

மவுண்ட் ரோடு மியூசிக் கடை ஏதாவது ஒண்ணுல அரை மணி நேரம் சும்மா நின்னு பாருங்க. யாராவது ஒரு பையன் கிட்டாரை மடியில வச்சுக்கிட்டு டீப் பர்ப்பிளோட 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' ஆரம்ப வரியை வாசிப்பான். அந்தப் பாட்டோட வரிகள் அவனுக்குத் தெரியாது. எந்த வருஷப் பாட்டு, யார் பாடினது, எதைப் பத்தின பாட்டு, எதுவும் தெரியாது. அந்த ஒரு வரி மட்டும் கைக்குத் தெரியும்.

அந்த வரிக்குப் பேர்தான் ரிஃப். சின்னதா, திரும்பத் திரும்ப வர்ற ஒரு வாத்திய வரி. பாடுறவர் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே இது எந்தப் பாட்டுன்னு அது சொல்லிடும். நம்ம சினிமாப் பாட்டுல வர்ற பிஜிஎம் துணுக்கு மாதிரிதானேன்னு கேட்கலாம். பாதி சரி. அந்தத் துணுக்கு வந்துட்டுப் போயிடும், பாட்டு மெட்டு மேல நிக்கும். ரிஃப் பாட்டுல மெட்டு கூட ரிஃப் மேலதான் நிக்கும்.

இந்த எபிசோடுக்குக் காரணம் எங்க பேண்ட். பகல்ல நான் கோடு எழுதறவன். சனி, ஞாயிறுல சேலையூர் பக்கம் ஒரு வீட்டுக் கார் ஷெட்டுல நாலு பேர் சேர்ந்து வாசிக்கிறோம். என்னோடது ரிதம் கிட்டார். போன்ல நாற்பதுக்கு மேல ரிஃப் ரெக்கார்ட் ஆகி இருக்கு. முழுசா முடிஞ்ச பாட்டு மூணுதான். டிரம்மர் மேல்படிப்புக்கு ஜெர்மனி கிளம்பறதுக்குள்ள நாலாவது ஒண்ணை முடிச்சு ரெக்கார்ட் பண்ணணும், ஏன்னா அதுக்கப்புறம் இந்த நாலு பேர் ஒரே ரூம்ல எப்போ நிப்போம்னு யாருக்கும் தெரியாது. நாற்பது ரிஃப்புக்கும் மூணு பாட்டுக்கும் நடுவுல என்ன இருக்குன்னு பார்க்க, எல்லாருக்கும் தெரிஞ்ச அந்த ஒரு ரிஃப்பைக் கழட்டிப் போட்டுப் பார்த்தோம்.

முதல்ல கதை, சுருக்கமா. 1971 டிசம்பர் 4, சுவிட்சர்லாந்துல ஜெனீவா ஏரிக்கரையில இருக்கற மோந்த்ரோ. அங்க இருந்த கேசினோல ஃபிராங்க் ஸப்பா கச்சேரி நடக்குது. கூட்டத்துல ஒருத்தன் ஃபிளேர் துப்பாக்கியால சுட, கட்டடமே எரிஞ்சு போச்சு. டீப் பர்ப்பிள் தங்களோட அடுத்த ஆல்பத்தை அந்தக் கேசினோலதான் ரெக்கார்ட் பண்றதா இருந்தாங்க. இடம் போயிடுச்சு. பக்கத்துல பெவிலியன்னு ஒரு தியேட்டருக்குப் போனாங்க. அங்க ராத்திரி ஒரு டிராக்கை வாசிச்சுக்கிட்டு இருக்கும்போது அக்கம்பக்கத்துக்காரங்க சத்தம் தாங்காம புகார் பண்ணி, போலீஸ் வந்துடுச்சு. (தாம்பரம் பக்கம் அபார்ட்மெண்ட்ல டிரம்ஸ் வச்சிருக்கறவங்களுக்கு இந்தப் பகுதியை விளக்க வேண்டியதில்லை.) அந்த ராத்திரி டேப்ல ஏறின டிராக்தான் இது. அப்போ அதுக்கு வரிகள் கிடையாது, தலைப்பும் கிடையாது. ரிஃப்பும் அதைச் சுத்தின அமைப்பும் மட்டும்தான் இருந்தது. தண்ணி மேல புகைங்கற தலைப்பு பேஸ் வாசிக்கிற ராஜர் குளோவருக்கு அப்புறம்தான் தோணுச்சு. 1972-ல 'மெஷின் ஹெட்' ஆல்பத்துல பாட்டு வந்தது.

ஆக, வார்த்தையே இல்லாம நின்ன ஒரு பாட்டு இது. எப்படி நின்னுச்சு?

ரிட்சி பிளாக்மோர் வாசிச்ச அந்த ரிஃப்பை நம்ம ஸ்வரத்துல சொல்றேன், எளிதா இருக்கும். ஜி-யை ஸ-ன்னு வச்சுக்குங்க. மொத்தம் நாலு துண்டு. முதல் துண்டு: ஸ க ம. ரெண்டாவது: ஸ க, அப்புறம் பிரதி மத்யமத்தைத் தொட்டுட்டு உடனே சுத்த மத்யமத்துக்கு இறக்கம். மூணாவது: மறுபடி ஸ க ம. நாலாவது: க ஸ. காந்தாரம் எல்லா இடத்துலயும் சாதாரண காந்தாரம். எண்ணிப் பாருங்க, மூணு, நாலு, மூணு, ரெண்டு, மொத்தம் பன்னிரண்டு நோட்டு. உபயோகிச்ச ஸ்வரம் நாலே நாலு. கர்நாடக சங்கீதம் கத்துக்கிட்டவங்களுக்கு சுத்த தன்யாசியோட கீழ்ப்பாதி மாதிரி கேட்கும். அந்த ஸ்கேலைத்தான் ராக் ஆளுங்க மைனர் பென்டடானிக்னு சொல்றாங்க. பிரதி மத்யமம் மட்டும் ராகத்துக்கு வெளியில இருந்து வந்த விருந்தாளி. அது ஒரே ஒரு தடவை, ரெண்டாவது துண்டுல மட்டும் வருது.

நாலு ஸ்வரம் எல்லார்கிட்டயும்தான் இருக்கு. வேலை நடக்கறது தாளத்துல. "ஒண்ணு-அண்ட்-ரெண்டு-அண்ட்-மூணு-அண்ட்-நாலு-அண்ட்"னு வாய்விட்டு எண்ணுங்க. முதல் துண்டோட மூணு நோட்டும் ஒண்ணு, ரெண்டு, மூணுங்கற எண்ணு மேல நேரா விழும். ரெண்டாவது துண்டு அதே ஸ க-வோடதான் ஆரம்பிக்குது, ஆனா எண்ணு மேல விழாது. நாலு தாண்டி வர்ற 'அண்ட்'ல எடுத்து, அடுத்தடுத்த 'அண்ட்'லயே நடந்து, கடைசி ம மட்டும் மூணாவது எண்ணு மேல வந்து இறங்கும். மூணாவது துண்டு மறுபடி எண்ணு மேல. நாலாவது மறுபடி 'அண்ட்'ல. எடுப்பு அரை இடம் தள்ளிப் போறதும், திரும்பி வர்றதும், மறுபடி தள்ளிப் போறதும்தான் அந்த வரிக்குள்ள இருக்கற இழுப்பு. ஒரு தடவை எல்லா நோட்டையும் எண்ணு மேலயே வச்சு வாசிச்சுப் பாருங்க. ஸ்வரம் ஒண்ணுகூட மாறாது, ஆனா எல்கேஜி ரைம் மாதிரி ஆயிடும்.

இன்னொண்ணு, துண்டுகளுக்கு நடுவுல இருக்கற இடைவெளி. ம-வுல வந்து நின்னு, நீங்க மூச்சு விடறதுக்கு இடம் கொடுத்துட்டுத்தான் அடுத்த துண்டு வருது. இடைவெளி இல்லாத ரிஃப்பை ஞாபகம் வச்சுக்கறது கஷ்டம், ஏன்னா அதை யாராலயும் வாயால பாட முடியாது. எங்க கார் ஷெட் பரிசோதனை இதுதான்: கிட்டார் வாசிக்கத் தெரியாத ஒருத்தர் ரெண்டு தடவை கேட்டுட்டு அதை முனகிக் காட்டணும். எங்க லீட் கிட்டாரிஸ்டோட அம்மாதான் ஆஸ்தான நடுவர். காபி கொண்டு வர்றவங்க திரும்பிப் போகும்போது முனகிக்கிட்டே போனா ரிஃப் பாஸ்.

இப்போ மூணாவது விஷயம், கடையில அந்தப் பையன் வாசிக்கும்போது பெரும்பாலும் மாறிப் போறது. பிளாக்மோர் ஒவ்வொரு நோட்டையும் ஒத்தையா வாசிக்கல, ரெண்டு கம்பியைச் சேர்த்து விரலால பறிக்கிறார். கூட வர்ற கீழ் நோட்டு எது? ஸ-வுக்குக் கீழ மந்திர ப. க-வுக்குக் கீழ நி. ம-வுக்குக் கீழ ஸ. எல்லாம் ஒரே அளவு தூரம், மேற்கத்திய பாஷையில ஃபோர்த். புதுசா கத்துக்கறவங்க இதைப் பவர் கோர்டா வாசிப்பாங்க, அதாவது நோட்டுக்கு மேல பஞ்சமத்தைச் சேர்த்து. அப்போ சத்தம் கனமா, உறுதியா உக்கார்ந்துடும். ஃபோர்த்துல அந்த உறுதி கிடையாது, ஏதோ ஒண்ணு இன்னும் முடியலங்கற மாதிரி தொங்கும். அதோட ஜான் லார்டோட ஹேமண்ட் ஆர்கனும் மார்ஷல் ஆம்ப் வழியா கரகரன்னு அதே ரிஃப்பை இரட்டிக்குது. ஸ்டுடியோ ரெக்கார்டிங்ல நாம கிட்டார்னு நினைச்சுக் கேக்கறதுல ஒரு பகுதி ஆர்கன்.

அந்த விருந்தாளி பிரதி மத்யமம் இருக்கே, அதுக்குக் கீழ வர்ற நோட்டு சுத்த ரிஷபம். இதை ஞாபகம் வச்சுக்குங்க, கொஞ்ச நேரத்துல தேவைப்படும்.

சரி, ரிஃப் கிடைச்சாச்சு. நாலு பார். அடுத்த அஞ்சு நிமிஷத்துக்கு என்ன பண்றது? பெரும்பாலான ரிஃப் இங்கதான் சாகுது. எங்க போன்ல இருக்கற நாற்பதுல முப்பது இங்கதான் செத்துச்சு.

டீப் பர்ப்பிள் முதல்ல பண்ணது, ரிஃப்பை அவசரப்பட்டுச் செலவழிக்காதது. ஆரம்பத்துல கிட்டார் தனியா. ரிஃப்பை மாத்தாம, சுத்தி இருக்கறதை ஒவ்வொண்ணா சேர்க்கறாங்க: ஹை-ஹாட், ஆர்கன், அப்புறம் முழு டிரம்ஸ், கடைசியா பேஸ் உள்ள வருது. பேஸ் ரிஃப்பை வாசிக்காம அடியில ஒரே நோட்டை டுக்-டுக்-டுக்னு ஓட்டுது. அந்த ஒரே நோட்டு நிலையா ஓடறதாலதான் மேல நடக்கற அரை இட நகர்வு காதுக்குத் தெரியுது. எல்லாருமே ரிஃப்பை வாசிச்சா அது நகர்ற மாதிரியே இருக்காது.

ரெண்டாவது, பாட்டுக்காரர் வந்த உடனே ரிஃப் நின்னுடுது. சரணத்துல இயன் கில்லன் பாடும்போது கிட்டார் ஸ-வுல ஒரு கோர்டைப் பிடிச்சுக்கிட்டு, நடுவுல கொஞ்ச நேரம் நி-க்குப் போயிட்டுத் திரும்பும். அவ்வளவுதான். ரிஃப்பும் குரலும் ஒரே இடத்துக்குச் சண்டை போடல. குரல் முடிஞ்சதும் ரிஃப் திரும்பி வரும்போது, முன்னாடி கேட்டதே புதுசா கேட்கும்.

மூணாவது கோரஸ். எனக்கு இதுலயே பிடிச்ச இடம். கோரஸ் ம-வோட கோர்டுல ஆரம்பிச்சு, அங்கிருந்து சுத்த ரிஷபத்தோட கோர்டுக்கு விழுது. முதல் தடவை கேட்கும்போது தரை நழுவற மாதிரி இருக்கும். சுத்த தன்யாசியில ரிஷபமே கிடையாது, சரணத்துலயும் அது வரல. ஆனா காது முழுசா அன்னியப்படல, ஏன்னா அந்த ரிஷபத்தை ஏற்கெனவே கேட்டாச்சு. ரிஃப்போட ரெண்டாவது துண்டுல, பிரதி மத்யமத்துக்கு அடியில, ஒரு நொடி ஒளிஞ்சிருந்த அதே நோட்டு. ரிஃப்போட மிக இருட்டான நொடியில இருந்த கீழ் நோட்டு கோரஸ்ல ஒரு முழுக் கோர்டா விரியுது. பிளாக்மோர் திட்டம் போட்டுப் பண்ணாரா, கை போன போக்குல வந்துச்சான்னு விவாதிக்க வேண்டாம். எழுதறவங்களுக்கு வேண்டியது இதுதான்: கோரஸுக்கு எங்க போறதுன்னு முழிக்கும்போது ரிஃப்புக்குள்ள குறைவா வந்த நோட்டைத் தேடுங்க, அதை வேரா வச்சு ஒரு கோர்ட் போட்டுப் பாருங்க.

இதுக்கு நேர் எதிரான வழியும் இருக்கு. தி ஒயிட் ஸ்ட்ரைப்ஸோட 'செவன் நேஷன் ஆர்மி', 2003. ஃபுட்பால் மைதானத்துல எல்லாரும் ஓ-ஓன்னு பாடுவாங்களே, அது. ஜாக் ஒயிட் அந்த ரிஃப்பை மெல்போர்ன்ல ஒரு சவுண்ட்செக் நேரத்துல கண்டுபிடிச்சார். ஏழே நோட்டு: ஸ ஸ க ஸ நி, அப்புறம் நீளமா த, நீளமா ப. அடியில கேட்கறது பேஸ் கிட்டார் இல்ல, சாதா கிட்டாரை பெடல் வழியா ஒரு ஸ்தாயி இறக்கினது. கோரஸ் இல்லாம ஒரு பாட்டு நிக்குமான்னு பார்க்கறதுதான் அவரோட சவால். அதனால ரிஃப் சரணத்துக்கு அடியிலயும் மெதுவா ஓடுது, குரலும் அதே பாதையிலயே போகுது. கோரஸ் வர வேண்டிய இடத்துல அதே ரிஃப் மேல் ஸ்தாயியில, முழு டிஸ்டார்ஷன்ல வெடிக்குது. நோட்டு மாறல, சத்தத்தோட அளவும் இடமும் மாறுது. இது ரெண்டு பேர் பேண்டுக்குப் பொருந்தற வழி. நாலு பேரும் எப்பவும் எதையாவது வாசிச்சுக்கிட்டே இருக்கணும்னு துடிக்கிற எங்க மாதிரி பேண்டுக்கு டீப் பர்ப்பிள் வழிதான் பாதுகாப்புன்னு நினைக்கிறேன்.

இப்போ எங்க நாலாவது பாட்டு எங்க நிக்குதுன்னு சொல்றேன், ஏன்னா இதெல்லாம் கைக்கு வந்தாத்தான் அர்த்தம்.

லீட் கிட்டாரிஸ்ட் கொண்டு வந்த முதல் வடிவம் எட்டு நோட்டு, இடைவெளியே இல்லாம, சுத்த தன்யாசியில ஸ-வுல இருந்து நி வரைக்கும் ஏறி இறங்கறது. வேகமா வாசிச்சா நல்லாத்தான் இருந்தது. ஆனா அது விரல் எழுதின வரி. கிட்டார் பழகின விரலுக்கு ஏறி இறங்கறதுதான் வசதி, அதனால கையை விட்டா அங்கதான் போகும். அம்மா முனகல, காபியை வச்சுட்டுப் போயிட்டாங்க. அதனால கிட்டாரைக் கீழ வச்சுட்டு, டிரம்மரை நிமிஷத்துக்கு 96 பீட்ல வெறும் கிக்கும் ஸ்நேரும் அடிக்கச் சொல்லி, வாயாலயே பாடிப் பார்த்தோம். அரை மணி நேரத்துல எட்டு நோட்டு அஞ்சாச்சு.

இ-யை ஸ-ன்னு வச்சுக்குங்க. ஸ ஸ நி, அப்புறம் ஒரு எண்ணு முழுக்க மௌனம், அப்புறம் க ம. நி கீழ் நி. முதல் மூணும் ஒண்ணு, அண்ட், ரெண்டுல. மூணுல யாரும் தொடக்கூடாது. நாலு, அண்ட்ல க ம. முதல் தடவை ம-வுல கேள்வி மாதிரி தொங்கும். ரெண்டாவது தடவை அதே வரி, ஆனா க ம-க்குப் பதிலா க ஸ, பதில் மாதிரி உக்காரும். கிட்டார் வச்சிருக்கறவங்க டி கம்பியிலயும் ஜி கம்பியிலயும் திறந்த கம்பியையும் ரெண்டாவது ஃபிரெட்டையும் மட்டும் வச்சே இதை வாசிச்சுடலாம். கை வசதி கடைசியில வந்தது, முதல்ல இல்ல.

அடுத்த சிக்கல் உடனே வந்துச்சு. மூணாவது எண்ணுல இருக்கற மௌனத்தைப் பார்த்ததும் டிரம்மர் அதுல ஒரு உருட்டல் போட்டார், பேஸ் ஒரு நோட்டைச் செருகுச்சு, பாடுறவர் தன் வரியோட முதல் சொல்லை அங்கயே வச்சார். காலி மனையைப் பார்த்தா நம்ம ஊர்ல என்ன நடக்குமோ அதுதான். இது நடக்குதான்னு கண்டுபிடிக்க ஒரு வழி: போனை ரூமுக்கு வெளியில வச்சு ரெக்கார்ட் பண்ணிக் கேளுங்க. கதவுக்கு வெளியில இருந்து கேட்டாலும் அந்த இடைவெளி இடைவெளியாவே கேட்கணும். எங்களுக்குக் கேட்கல. அதனால மனையை ஒருத்தருக்கு மட்டும் பட்டா போட்டோம். சரணத்துல கிட்டார் முழுக்க ஒதுங்கிடும். பேஸ் மட்டும் முதல் மூணு நோட்டு, ஸ ஸ நி. பாட்டு வரி மூணாவது எண்ணுல எடுக்கும். ரிஃப்போட மௌனம் அப்படியே குரலோட எடுப்பாயிடுச்சு. ரிஃப் திரும்பி வரும்போது அந்த இடம் மறுபடி காலி. இவ்வளவு நேரம் அங்க குரல் இருந்ததால, இப்போ அந்தக் காலி இன்னும் பெருசா கேட்குது.

கோரஸுக்கு அந்த அரிதான நோட்டுத் தந்திரத்தைப் போட்டுப் பார்த்தோம். எங்க ரிஃப்ல ராகத்துக்கு வெளியில விருந்தாளி யாரும் இல்ல, ஆனா கீழ் நி ஒரு வரிக்கு ஒரு தடவைதான் வருது, ம ஒரு தடவைதான் வருது. அதனால நி-யோட கோர்ட், ம-வோட கோர்ட், ஸ-வோட கோர்ட், இந்த வரிசை. கிட்டார் பாஷையில டி, ஏ, இ, மூணும் பவர் கோர்டா. ஒவ்வொண்ணையும் ரெண்டு எண்ணு பிடிச்சோம், ஸ மட்டும் நாலு எண்ணு. புதுசா எதையும் வெளியில இருந்து கொண்டு வரல, அதனால ரிஃப்புக்குத் திரும்பும்போது ஒட்டுப் போட்ட மாதிரி தெரியல.

நடுவுல ஒரு பகுதி வேணும். ரெண்டு கோரஸுக்கு அப்புறம் இதே மூணையும் மூணாவது தடவை கேட்க யாரும் தயாரா இருக்க மாட்டாங்க. இங்க ராகம் தானம் பல்லவி கேட்டிருக்கறவங்களுக்கு ஒரு வழி தெரியும்: பல்லவி வரியை மாத்தாம காலத்தை மாத்தறது. ரிஃப்போட ஒவ்வொரு நோட்டையும் இரட்டிப்பு நீளமாக்கி, டிரம்ஸையும் பாதி வேகத்துல நடக்க விட்டோம். ஒரு எண்ணு மௌனம் இப்போ ரெண்டு எண்ணு மௌனம். தாம்பரம் விமானப்படைத் தளத்துல இருந்து ஏதாவது கிளம்பினா அந்த மௌனத்துல தெளிவா கேட்கும், ரெக்கார்டிங்ல ஒண்ணு மாட்டியே இருக்கு. எட்டு பார் அப்படிப் போயிட்டு, திரும்ப 96-க்கு வரும்போது வேகம் கூடின மாதிரி இருக்கும், உண்மையில ஆரம்பிச்ச அதே வேகம்தான்.

இதுல ஒரு எல்லை இருக்கு. எல்லாத்தையும் ரிஃப்புக்குள்ள இருந்தே எடுத்தா பாட்டு இறுக்கமா இருக்கும், ஆனா மெட்டு மூச்சு முட்டும். எங்க முதல் சரண மெட்டு ஸ-வைச் சுத்தியே வந்துச்சு, பேஸும் அங்கதான் இருந்தது. ரெண்டும் ஒரே உயரத்துல உரசிக்கிச்சு. மெட்டை ப-வுக்கு மேல தூக்கினோம், ரிஃப்ல ப-வே கிடையாதுங்கறதால அந்த மாடி முழுக்கக் குரலுக்குத்தான். அதுக்கப்புறம் வார்த்தை கேட்க ஆரம்பிச்சது.

பாக்கி இருக்கறது முடிவு. ஸ்டுடியோவுல டீப் பர்ப்பிள் மாதிரி சத்தத்தை மெதுவா குறைச்சு மறைய விட்டுடலாம். மேடையில அது முடியாது, யாராவது ஒருத்தர் நிறுத்தியாகணும். பதில் வரியோட க ஸ-வுல முடிச்சா ஒழுங்கா முடியும். டிரம்மர் வேற ஒண்ணு சொல்றார்: கடைசிச் சுத்துல ஸ ஸ நி மட்டும் வாசிச்சு, அந்த மூணாவது எண்ணுலயே எல்லாரும் கையை எடுத்துடணும், க ம வரவே கூடாது. போன ஞாயிறு ரெண்டையும் ரெக்கார்ட் பண்ணோம். ரெண்டாவது வடிவத்துல பேஸ் பழக்க தோஷத்துல ஒரு நோட்டு கூட வாசிச்சிடுச்சு, அதனால இந்த வாரம் மறுபடி எடுக்கறோம்.